பில் அழிந்துபோன பொருட்களுக்கு என்ன ஆதாரம்?

“பெங்களூரு மகாதேவபுராவில் தரைத்தள வாடகை வீடு. வீட்டுப் பொருட்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் பழைய பில்களில் எழுத்தே இல்லை. மழைக்கு முன் என்ன செய்யலாம்?”

அது வெப்பத்தில் அச்சாகும் தாள், மங்கத்தான் செய்யும். கடையில் உங்கள் போன் நம்பரைச் சொல்லி நகல் கேளுங்கள், பெரிய கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும். ஆன்லைனில் வாங்கியதற்கு ஆர்டர் பக்கத்திலேயே இன்வாய்ஸ் இருக்கும். இரண்டும் இல்லையென்றால், பணம் கட்டிய மாதத்து பேங்க் ஸ்டேட்மென்ட். தேய்மானம் கழிக்கும் பாலிசியில் வாங்கிய தேதிதான் தொகையைத் தீர்மானிக்கும், அதனால் தேதி தெரிகிற எந்தத் தாளையும் விடாதீர்கள்.

அப்புறம் போட்டோ. ஃபிரிட்ஜ் என்றால், சமையலறையோடு சேர்த்து ஒரு படம். ஸ்டிக்கரில் மாடலும் சீரியல் எண்ணும் படிக்கும்படி இன்னொன்று. பொருள் உங்கள் வீட்டில் இருந்ததை முதல் படம் காட்டும், எந்தப் பொருள் என்பதை இரண்டாவது. விண்டோஸ் லேப்டாப்பின் ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால் பவர்ஷெல்லில் இது:

```
(Get-CimInstance Win32_BIOS).SerialNumber
```

எல்லாவற்றையும் உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள், போனும் நனையலாம். வெள்ளம் வந்தால், சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் சீரியல் எண்ணைச் சரிபார்க்கும் வரை நனைந்த ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். நாற்றம் தாங்காமல் பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.