61-வது குறி விழுந்தது: அவரை நம்பலாமா?

"மூன்று மாதமாக ஒருவருடன் பழகுகிறேன். அவர் மனதில் உண்மை இருக்கிறதா என்று ஐ சிங் என்ற பழைய சீன ஆரூட நூலின்படி நாணயம் போட்டுப் பார்த்தேன். 61-வது குறி வந்தது, மூன்றாவது கோடு மாறுகிறது. நம்பலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு முன்பு ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை."

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளத்து உண்மையைக் குறிக்கும் சோங் ஃபு என்ற இந்தக் குறி, அவருக்குக் கொடுத்த நற்சான்றிதழ் இல்லை. மூன்று நாணயம் போடும் முறையில் 64 குறிகளில் எதுவும் விழ ஒரே அளவு வாய்ப்புதான். அவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருக்கிறதா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்பதையெல்லாம் நேரில் விசாரியுங்கள், நாணயத்திடம் கேட்காதீர்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் உண்மை எப்படி ஓடுகிறது என்று யோசிக்க மட்டும் இந்தக் குறி உதவும்.

குறியை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கீழே இரண்டு முழுக்கோடு, நடுவில் இரண்டு பிளந்த கோடு, மேலே மறுபடி இரண்டு முழுக்கோடு. கீழ்ப் பாதி ஏரி, மேல் பாதி காற்று. நடு வெறுமையாக இருப்பதைத் திறந்த மனம் என்று பழைய உரைகள் சொல்கின்றன. முன்முடிவு இல்லாத மனம்தான் எதிரே இருப்பவரை உள்ளே விடும். இந்த உண்மை பன்றியையும் மீனையும்கூட எட்டும் என்கிறது மூலம். எளிதில் வசப்படாத உயிர்களுக்கு அவற்றை உதாரணமாகச் சொல்வார்கள். பெரிய நீரைக் கடப்பது நன்மை என்றும் அதே இடத்தில் வருகிறது.

சரி, உங்களுக்கு விழுந்த மூன்றாவது கோட்டுக்கு வருவோம். கோடுகளைக் கீழிருந்து மேலாக எண்ண வேண்டும். நாணயத்தின் ஒரு பக்கத்துக்கு 2, மறு பக்கத்துக்கு 3 என்று எண்ணி, மூன்று நாணயங்களின் கூட்டுத்தொகை 6 வந்தால் அது மாறும் பிளந்த கோடு. உங்களுக்கு அந்த இடத்தில் 6 வந்திருக்கிறது. அந்தக் கோட்டின் வரி இது: இணை ஒருவர் கிடைக்கிறார், ஒரு சமயம் முரசடிக்கிறார், ஒரு சமயம் நிறுத்துகிறார், ஒரு சமயம் அழுகிறார், ஒரு சமயம் பாடுகிறார். நன்மை, தீமை என்று தீர்ப்பு எதுவும் கிடையாது.

முரசடிப்பது யார்? கேள்வி கேட்டவர் நீங்கள், அதனால் நான் இதை உங்களுக்கான வரியாகவே படிப்பேன். மூன்றாவது கோட்டுக்கு ஜோடி ஆறாவது கோடு. தன் மகிழ்ச்சியை எங்கோ மேலே இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்ட நிலை அது. அவருடைய பதில் உடனே வந்தால் அன்றைக்குப் பாட்டு, இரவுவரை வராவிட்டால் அழுகை. அப்படி ஆடுகிற மனதால் இன்னொருவரின் உண்மையை அளக்க முடியாது. இந்தக் குறி முதலில் சோதிப்பது உங்களைத்தான்.

அந்தக் கோடு முழுக்கோடாக மாறியதும் 9-வது குறி வருகிறது: அடர்ந்த மேகம், மழை இன்னும் இல்லை. நடுவிலிருந்த வெறுமையில் பாதி அடைபட்டுப்போவதையும் கவனியுங்கள். அவசரப்பட்டு முடிவெடுத்தால் இதுதான் நடக்கும் என்று நான் படிக்கிறேன். அந்தக் குறியின் மூன்றாவது கோட்டில் கணவனும் மனைவியும் முறைத்துக்கொள்ளும் வரி ஒன்று வரும். பயப்பட வேண்டாம். மாறி வந்த குறியின் கோட்டு வரிகளைப் பொதுவாகப் படிப்பதில்லை.

இனி செய்ய வேண்டியது ஒன்று. அந்த நிச்சயதார்த்தத்தைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் கடக்க வேண்டிய பெரிய நீர் இதுதான். பதில் போடாமல் இருந்து அவர் தேடுகிறாரா என்று பார்ப்பது போன்ற வேலைகள் வேண்டாம். ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு எதிராளியிடம் உண்மையைத் தேடினால், கிடைப்பதும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

சொன்ன பிறகு எதைக் கவனிப்பது? இதே குறியின் இரண்டாவது கோட்டில் நிழலில் இருந்து ஒரு கொக்கு கூவுகிறது, அதன் குஞ்சு பதில் தருகிறது. என்னிடம் நல்ல கிண்ணம் இருக்கிறது, சேர்ந்து பருகுவோம் என்று வரி தொடர்கிறது. ஆறாவது கோட்டிலோ சேவலின் கூவல் மட்டும் வானத்துக்கு ஏறுகிறது. அதற்குக் கேடு என்றே எழுதியிருக்கிறது. இவை உங்களுக்கு விழுந்த கோடுகள் அல்ல. எனவே ஆரூடமாக எடுக்காமல் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை" என்று அந்த நிமிடமே சொல்வது சேவல் கூவலாக இருக்கலாம். அடுத்த சில வாரங்களில், சொல்லத் தயங்கும் தன் விஷயம் ஒன்றை அவராகவே சொல்கிறாரா? நீங்கள் சொன்னதை நாலு பேர் நடுவில் இழுக்காமல் காப்பாற்றுகிறாரா? அப்படியென்றால் குஞ்சு பதில் தந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சைச் சுருக்கிக்கொண்டால், அல்லது சண்டை வரும்போது அதையே எடுத்து வீசினால், அதுவும் தெளிவான பதில்தான்.

அதுவரை நாணயத்தைத் தொடாதீர்கள். முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்டால் தொந்தரவு, சொல்ல மாட்டேன் என்று 4-வது குறியிலேயே இருக்கிறது. பேசி முடித்து நிலைமை மாறிய பிறகு மறுபடி போடத் தோன்றினால், "அவர் உண்மையானவரா" என்று கேட்காமல், "இந்த உறவில் இப்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்" என்று கேளுங்கள்.