பத்தாயிரம் பேர் சேர்ந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி!

கேள்வி: சிங்கப்பூரில் சமையல் சேனல் நடத்துகிறவர்களே, உங்களுக்கு சப்ஸ்கிரைபர்களைக் கொண்டுவந்து சேர்த்தது எந்த வீடியோ?

இட்லி மாவு வீடியோதான், வேறென்ன! போன வாரம் பத்தாயிரத்தைத் தொட்டோம். யூடியூப் வெள்ளிப் பட்டன் கொடுப்பதற்கு ஒரு லட்சம் வேண்டும், அது வரும்போது வரட்டும். எங்கள் வீட்டில் கேசரி கிண்டிக் கொண்டாடிவிட்டோம்.

ஆனால் அந்த வீடியோ ஓடியதற்குக் காரணம் நான் இல்லை, கீழே கேள்வி கேட்டவர்கள்தான். நான் சொன்னது எல்லா வீட்டிலும் இருக்கிற அளவு: நாலு கப் இட்லி அரிசி, ஒரு கப் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிற ஒரு அக்கா எழுதினார், மாவு பானை நிறையப் பொங்குகிறது, இட்லி மட்டும் தட்டையாக வருகிறது என்று. எத்தனை மணிக்கு அரைத்தீர்கள் என்று கேட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அரைத்து, காலை ஏழு மணிக்கு ஊற்றியிருக்கிறார். பதின்மூன்று மணி நேரம்! நம் ஊரில் ராத்திரியும் வெப்பம் 25, 26 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்காது, ஏர்கான் போடாத அடுப்படி அதைவிடப் புழுக்கமாக இருக்கும், ஏழெட்டு மணி நேரத்திலேயே மாவு தயாராகிவிடும். அதற்கு மேல் விட்டால் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் வெளியேறி மாவு அமுங்கிவிடுகிறது. பானையின் உள்பக்கம் பாருங்கள், மாவு ஏறி இறங்கிய கோடு மேலே காய்ந்து ஒட்டியிருக்கும், மூடியைத் திறந்ததும் புளிப்பு வாடை தூக்கும். அந்த மாவில் இட்லி எழும்பாது, வெங்காயம் மிளகாய் தூவி ஊத்தப்பம் ஊற்றுங்கள், அமிர்தமாக இருக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு அரைக்கச் சொன்னேன், உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து. மிக்ஸியில் அரைக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஜார் சூடேறினால் மாவும் சூடாகி அவசரமாகப் புளித்துவிடும். உளுந்து மாவில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், மூழ்கினால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா இட்லித் தட்டைப் படம் பிடித்துப் போட்டார் பாருங்கள், எனக்கு என் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதற்குக் கீழேயே கனடாவிலிருந்து ஒருவர், எங்களுக்கு இரண்டு நாளானாலும் பொங்குவதில்லை என்று புலம்பினார். நான் பதில் போடுவதற்குள் இன்னொருவர் முந்திக்கொண்டு, ஓவனைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டுப் பானையை உள்ளே வையுங்கள் என்று சொல்லிவிட்டார். இப்படி நீங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததைப் படிக்க வந்த கூட்டம்தான் இந்தப் பத்தாயிரம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், வேலை முடிந்து அலுத்து வந்தும் முகம் சுளிக்காமல் போன் பிடிக்கிற என் வீட்டுக்காரருக்கும் நன்றி. ஆப்ப மாவு கேட்டவர்களே, அடுத்து அதுதான், தேங்காய்ப்பாலோடு வருகிறேன்.