செயின் அடிக்கடி தளர்கிறது: பெல்ட்டுக்கு மாறலாமா?

"செயினை மாதம் இரண்டு முறை இறுக்குகிறேன். சக்கரத்தைச் சுற்றினால் ஓரிடத்தில் விறைப்பாகவும் வேறிடத்தில் தொளதொளவென்றும் இருக்கிறது. பெல்ட் அல்லது ஷாஃப்ட் வண்டிக்கு மாறிவிடலாமா?"

வண்டியை மாற்றும் முன் செயினைப் பாருங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் பின்விளிம்பில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் அளவுக்கு எழும்பினால் அதன் ஆயுள் முடிந்தது. இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்; தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் கெடுத்துவிடும். புதியதை இறுக்கும்போது விறைப்பான இடத்தில் வைத்துத்தான் தளர்வை அளக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்தால் விறைப்பான இடத்தில் கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும்.

பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், எடையும் குறைவு. ஆனால் ஜல்லிச் சாலையில் ஒரு கல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே சிக்கினால் பெல்ட் பழுதாகலாம். செயினைப் போல ஒரு கண்ணியைக் கழற்றி மாட்டவும் முடியாது. முழு வளையமாகவே வருவதால், பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மைக் கழற்ற வேண்டியிருக்கும். உங்கள் வண்டியிலேயே பெல்ட் பொருத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்: அகலமான பெல்ட்டுக்கு இடம் இருக்காது.

ஷாஃப்டில் கியர் எண்ணெயை உரிய இடைவெளியில் மாற்றினால் போதும். பி.எம்.டபிள்யூ.வின் ஆர் வரிசை வண்டிகளைப் போல நெடும்பயணத்துக்கு அதுவே சுகம். ஆனால் பெவல் கியர் விசையைச் செங்கோணத்தில் திருப்பும்போது உராய்வில் சக்தி கூடுதலாக வீணாகிறது. அந்தப் பெவல் கியரின் பெட்டி பின்சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதால், மேடுபள்ளத்தில் அதன் எடையை நன்றாக உணர்வீர்கள். பராமரித்த செயினில் இழப்பு மிகக் குறைவு. துருப்பிடித்துக் காய்ந்த செயினுக்கு அந்தப் பெருமை கிடையாது.

தினசரி நகரப் பயணம் என்றால் நான் கண்ணி மூட்டுகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினையே போடுவேன்.