டி.டி.பி. நோயில் தட்டணு ஏற்றாமல் பிளாஸ்மாவை மாற்றுவது ஏன்?

கேள்வி: என் தங்கைக்கு வயது 31, எடை 60 கிலோ. காய்ச்சல், கால்களில் சிவப்புப் புள்ளிகள், கடும் அசதி என்று மருத்துவமனைக்குப் போனோம். ரத்தத் தட்டணு 11,000 என்றதும் டெங்கு என்று நினைத்தார்கள். பரிசோதனையில் டெங்கு இல்லை. அன்று மாலை அரைமணி நேரம் பேச்சு குழறி, தானாகவே சரியானது. இப்போது பெரிய மருத்துவமனையில் டி.டி.பி. என்று சொல்லி, தினமும் இயந்திரம் மூலம் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு வேறு பிளாஸ்மா செலுத்துகிறார்கள். நான்கு நாளில் தட்டணு 58,000 ஆகியிருக்கிறது. ஏன் தட்டணு ஏற்ற மறுக்கிறார்கள்? பிளாஸ்மாவை வெறுமனே ஏற்றினால் போதாதா? இது திரும்ப வருமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: டெங்குவில் தட்டணு குறைவதற்கும் உங்கள் தங்கைக்குக் குறைந்ததற்கும் காரணம் வேறு. இவருக்கு வந்துள்ள டி.டி.பி. என்னும் ரத்த நோயில், தட்டணுக்கள் உடலெங்கும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களில் சின்னச் சின்ன ரத்தக்கட்டிகளாகச் சேர்ந்து செலவாகிவிட்டன. எண்ணிக்கை 11,000 என்று வந்தது அதனால்தான். தோலில் தெரிந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தால் ரத்தக்கசிவு நோய் என்று தோன்றும்; உள்ளே நடப்பதோ ரத்தம் உறைந்து அடைக்கும் நோய்.

ரத்தக் குழாயின் உட்சுவர், வான் வில்பிராண்ட் காரணி என்ற புரதத்தை மிக நீளமான இழைகளாகச் சுரக்கிறது. காயம்பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள அந்த இழை வேண்டும். ஆனால் அது அவ்வளவு நீளமாகவே ரத்தத்தில் மிதக்கக் கூடாது. ரத்த ஓட்டத்தின் விசையில் இழை நீண்டு விரியும்போது, ஆடம்ட்ஸ்-13 என்னும் நொதி அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது. உங்கள் தங்கைக்கு அந்த நொதி கிட்டத்தட்ட இல்லை. பெரியவர்களுக்கு வரும் டி.டி.பி.யில் பெரும்பாலும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இந்த நொதிக்கு எதிராக எதிர்ப்புரதங்களை உண்டாக்கி அதை முடக்கிவிடுகிறது. பிறவியிலேயே நொதி இல்லாத சிலரும் உண்டு. அவர்கள் மிகக் குறைவு.

நறுக்கப்படாத இழைகளில், மீன்வலையில் பாசி பிடிப்பது போலத் தட்டணுக்கள் ஒட்டிச் சேர்கின்றன. அந்த இடுக்கில் புகுந்து போகும் சிவப்பணுக்கள் கிழிபடுகின்றன. அதனால்தான் ரத்தசோகையும், கண்ணில் லேசான மஞ்சளும், அணுக்கள் உடையும்போது ரத்தத்தில் கூடும் எல்.டி.எச். என்ற பொருளின் அளவு ஏறுவதும் சேர்ந்து வருகின்றன. ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்த சிவப்பணுத் துண்டுகள் தெரியும். மூளையின் நுண்குழாயில் ஒரு ரத்தக்கட்டி உருவாகிப் பிறகு கரைந்தால், பேச்சு சிறிது நேரம் குழறிச் சரியாகிவிடும். உங்கள் தங்கைக்கு நடந்தது பெரும்பாலும் அதுதான். தானாகச் சரியானதால் அதை விட்டுவிடக் கூடாது. அடுத்த கட்டி கரையாமலும் போகலாம். இதயத்திலும் இப்படியே அடைப்பு வரலாம் என்பதால், நெஞ்சு வலி இல்லாதபோதும் இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனை செய்வார்கள்.

காய்ச்சலும் தட்டணுக் குறைவும் கண்டதும் நம் ஊரில் டெங்குவை முதலில் நினைப்பது இயல்பு. ஆனால் தட்டணுக் குறைவோடு ஹீமோகுளோபினும் குறைந்து, சிவப்பணு உடைந்திருந்து, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பரிசோதனைகள் இயல்பாக இருந்தால், டி.டி.பி.யை நினைத்தே ஆகவேண்டும். நொதி அளவுக்கான ரத்தத்தை முதல் பிளாஸ்மா செலுத்துவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கொடையாளியின் பிளாஸ்மா உள்ளே போனபின் எடுத்தால் அவருடைய நொதியும் சேர்ந்து அளவில் வந்துவிடும். அந்த முடிவு வரப் பல நாள் ஆகலாம், அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. நொதி இயல்பில் 10 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் நோய் உறுதி.

இப்போது உங்கள் முதல் கேள்வி. தட்டணு ஏற்றினால் நறுக்கப்படாத இழைகளில் ஒட்டுவதற்குப் புதிய தட்டணுக்களைக் கொடுத்ததாகிவிடும். மூளையிலும் இதயத்திலும் அடைப்பு கூடும் என்ற அச்சம் உண்டு. உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு இருந்தால் மட்டும் விதிவிலக்காகக் கொடுப்பார்கள். மருத்துவர்கள் ஏற்ற மறுத்தது சரியே.

பிளாஸ்மாவை எடுத்து மாற்றும்போது இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. நொதியைத் தாக்கும் எதிர்ப்புரதங்களும் நீண்ட இழைகளும் வெளியே போகின்றன. கொடையாளிகளின் பிளாஸ்மாவோடு நல்ல நொதி உள்ளே வருகிறது. வெறுமனே ஏற்றினால் நொதி மட்டும் வரும், எதிர்ப்புரதம் அப்படியே இருக்கும். ஏற்றக்கூடிய அளவும் குறைவு, அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். கனடாவில் இந்த இரண்டு முறைகளையும் 102 நோயாளிகளில் ஒப்பிட்டு 1991இல் வெளியிட்டார்கள். ஆறு மாத முடிவில், பிளாஸ்மா ஏற்றப்பட்டவர்களில் 37 சதவீதத்தினரும், மாற்றப்பட்டவர்களில் 22 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை இறந்தார்கள். மாற்றும் வசதி உள்ள இடத்துக்குப் போய்ச் சேரும்வரை ஏற்றுவது பயன் தரும், அதற்கு மேல் அதை நம்பி இருக்கக் கூடாது.

60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் பிளாஸ்மா இருக்கும். ஒரு முறை மாற்ற அதே அளவு, அதாவது 200 மில்லி பைகளில் 12 அல்லது 13 தேவை. எடுப்பதும் செலுத்துவதும் சேர்ந்தே நடப்பதால், பழையதும் புதியதும் கலந்து, ஒரு முறையில் பழைய பிளாஸ்மாவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே வெளியேறும். திசுக்களில் தங்கியுள்ள எதிர்ப்புரதம் மீண்டும் ரத்தத்துக்குள் வரும், புதிதாகவும் உற்பத்தியாகும். எனவேதான் தினமும் செய்கிறார்கள்.

நான்கு நாளில் 58,000 என்பது நல்ல போக்கு. தட்டணு 1,50,000க்கு மேல் போய் இரண்டு நாள் அங்கேயே நின்று, எல்.டி.எச். இயல்புக்குத் திரும்பும்வரை தொடர்வார்கள். எதிர்ப்புரத உற்பத்தியை அடக்க ஸ்டீராய்டும், பல இடங்களில் ரிட்டுக்சிமாபும் கூடவே கொடுப்பார்கள். பிளாஸ்மா மாற்று அவகாசம் தருகிறது, நோயின் வேரைத் தொடுவது இந்த மருந்துகள்தான். தட்டணு ஏறாமல் நின்றாலோ, ஏறியது இறங்கினாலோ அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையின்போது உதட்டைச் சுற்றி மரத்துப்போனால், இயந்திரத்தில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிணைப்பதுதான் காரணம். கால்சியம் கொடுத்தால் சரியாகும். உடலில் தடிப்பு, அரிப்பு வந்தால் பிளாஸ்மா ஒவ்வாமையாக இருக்கலாம். கழுத்தில் போட்ட குழாய் இருக்கும்போது குளிர்காய்ச்சல் வந்தால் தொற்று என்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரும்ப வரலாம். சிகிச்சையை நிறுத்திய முதல் 30 நாளில் தட்டணு சட்டென்று விழும் வாய்ப்பு அதிகம், அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு பார்க்க வேண்டியது தட்டணுவை மட்டுமல்ல, நொதி அளவையும். தட்டணு இயல்பாக இருக்கும்போதே நொதி இறங்கத் தொடங்கும். அப்போதே ரிட்டுக்சிமாப் கொடுத்து நோய் திரும்பாமல் தடுக்க முடியும். முதலில் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இடைவெளியை நீட்டுவார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளைத் தங்கை தவிர்க்க வேண்டும். கர்ப்பம் இந்த நோயைத் தூண்டக்கூடியது. எனவே பிள்ளை பெற விரும்பினால், கருத்தரிக்கும் முன்பே ரத்த நோய் மருத்துவரிடம் நொதி அளவைப் பார்த்து, அவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.