நெற்றியோர முடி குறைந்தால் எதைப் பார்க்க வேண்டும்: தோல் மருத்துவரிடம் கேள்வி பதில்

கீழக்கரையிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 17 வயது. காதுக்கு முன்னால் ரெண்டு பக்கமும் முடி போய் நெற்றி ஏறிடுச்சு. இடது பக்கம் இன்னும் அதிகம். தலையை மூடி மக்கனாத் துணி போடுறதாலன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. ஸ்கூல்ல ரெட்டைச் சடை போட்டவ, அதை விட்ட பிறகும் பெருசாகிட்டே போகுது. எதுதான் காரணம் டாக்டரம்மா?

நீங்கள் அனுப்பிய படங்களில் முதலில் நெற்றியின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பிலேயே மெல்லிய குட்டை முடிகள் ஒரு வரிசையாக நிற்கின்றன. அதற்குப் பின்னால்தான் முடி குறைந்த பட்டை இருக்கிறது. இழுவையால் போகிற முடிக்கு இதுதான் பெரிய அடையாளம். சடைக்குள்ளோ கொண்டைக்குள்ளோ போகும் அளவுக்கு அந்தக் குட்டை முடிகளுக்கு நீளம் இல்லை. அதனால் அவற்றை யாரும் இழுக்கவில்லை, அவை தப்பித்துவிட்டன. கட்டுக்குள் அகப்பட்ட நீள முடிதான் போயிருக்கிறது.

அடுத்து, முடி எந்தப் பக்கமாக இழுபட்டது என்பது. உயரமாகக் குதிரைவால் போடுகிறவர்களுக்கு நெற்றியோரம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் குறையும், பிடரியிலும் கொஞ்சம் குறையும். ரெட்டைச் சடைக்குப் பின்னந்தலையில் நடுவகிடு எடுத்து முடியைக் காதுப் பக்கம் இழுப்பார்கள். அதனால் காதுக்கு முன்னும் மேலும் குறையும், பின்னந்தலை வகிடும் அகலமாகும். உங்கள் மகளுக்குப் பின்வகிடு அகன்றிருப்பது மூன்றாவது படத்தில் தெரிகிறது. தொடக்கம் பள்ளிச் சடைதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவள் பள்ளிச் சடையை விட்ட பிறகும் பட்டை பெரிதாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் மக்கனாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தலை குளித்த ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை, அதன் மேல் எலாஸ்டிக் வைத்த உள்தொப்பி, இடது நெற்றிப்பொட்டில் தினமும் ஒரே இடத்தில் ஒரு பின் என்று பதில் வந்தது. இடது பக்கம் அதிகமாகப் போனதற்கு அந்தப் பின்னே போதுமான காரணம். எலாஸ்டிக் உட்காரும் கோட்டில் முடி வேரோடு வராமல் வெவ்வேறு நீளத்தில் ஒடிந்து கட்டை கட்டையாக நிற்கிறது. அது உரசலின் வேலை, இழுவையின் வேலை இல்லை.

ஆகவே மக்கனாத் துணியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முடி காய்ந்த பிறகு கழுத்தருகே தளர்வாகப் பின்னச் சொல்லுங்கள். உள்தொப்பி ஒரு அளவு பெரிதாக, எலாஸ்டிக் இல்லாத பருத்தியில் இருக்கட்டும். பின்னை நாளுக்கு ஒரு இடமாக மாற்றுங்கள், முடியோடு சேர்த்துக் குத்தாமல் துணியோடு துணியாகக் குத்துங்கள். வீட்டுக்குள் வந்ததும் கொண்டையை அவிழ்த்துவிட வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அந்தப் பட்டையில் நுனி கூர்மையான புது முடி வந்தால் வேர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்த இடத்துத் தோல் வழவழப்பாகி, முடி முளைக்கிற புள்ளிகளே தெரியாமல் போயிருந்தால் திரும்ப வருவது கடினம். படத்தில் புள்ளிகள் தெரிகின்றன, அதனால் நம்பிக்கை இருக்கிறது.

ஒன்றை எல்லாரிடமும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். கட்டி முடித்ததும் பொட்டு வலித்தாலோ, புருவம் மேலே இழுத்த மாதிரி இருந்தாலோ, முடியின் வேரைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் வந்தாலோ அந்தக் கட்டை அப்போதே அவிழ்க்க வேண்டும். முடி கொட்டுவதற்கு முன்னால் வருகிற அறிகுறிகள் இவை.

அதே தாய்: முடியில வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கு, ஈருன்னு நெனச்சு மருந்து போட்டோம். போகல.

விரலால் இழுத்துப் பாருங்கள். முடியோடு வழுக்கி நகர்ந்தால் அது ஈர் இல்லை. இழுவை நடக்கிற இடத்தில் வேரின் உறை கழன்று இப்படிக் குட்டிக் குழாயாக முடியில் கோத்துக்கொள்ளும். ஈர் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும், எளிதில் நகராது. பேன் மருந்தை நிறுத்துங்கள். கட்டு இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று அந்தக் குழாய்கள் காட்டிக்கொடுக்கின்றன.

பெரியபட்டினம்: எந்த எண்ணெய் தேய்ச்சா முன்முடி வளரும்?

இழுவையை எந்த எண்ணெயும் நிறுத்தாது. முதலில் கட்டைத் தளர்த்துங்கள்.

தொண்டி: எல்லாத்துக்கும் நம்ம ஊர் உப்புத் தண்ணிதான் காரணம். போர் தண்ணில குளிக்கிற எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் முடி போச்சு. இதைச் சொல்லாம சடையைக் குத்தம் சொல்றீங்களே.

உப்புத் தண்ணீர் முடியைக் கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. சொரசொரப்பாகும், சிக்கு விழும், நுனி வெடிக்கும். ஆனால் தண்ணீர் தலை முழுவதும்தானே படுகிறது? நெற்றியோரத்தில் மட்டும், அதிலும் குட்டை முடியை விட்டுவிட்டு, நீள முடியைத் தண்ணீர் எப்படித் தேர்ந்தெடுக்கும்?

தொண்டி: நெற்றிலதான் தண்ணி மொதல்ல விழுது. மதுரைக்குப் போன எங்க அண்ணன் மகளுக்கு முடி திரும்ப வந்துச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: அண்ணே, மதுரையில அந்தப் பொண்ணு சடை போடுச்சா, விரிச்சு விட்டுச்சா? அதைக் கேளுங்க மொதல்ல.

தொண்டி: காலேஜ்ல கிளிப் போட்டு விரிச்சுதான் விடும். ஆனா தண்ணிதான்.

அண்ணன் மகளுக்கு ஊரும் மாறியது, கட்டும் மாறியது. இரண்டில் எது என்று அவளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் வேறு ஊர்களைப் பாருங்கள். இந்த முடியிழப்பு 1907-இல் கிரீன்லாந்துப் பெண்களிடம் பதிவானது. அவர்கள் முடியை உச்சிக்கு இழுத்து இறுக்கிக் கட்டுகிறவர்கள். முடியை உச்சியில் முறுக்கி முடிந்து டர்பன் கட்டும் சீக்கிய இளைஞர்களுக்கும் நெற்றியோரத்தில் இதே இழப்பு வருகிறது. தாடியை முறுக்கிக் கட்டுகிறவர்களுக்குத் தாடைக்குக் கீழேகூட வருகிறது. அங்கெல்லாம் நம் ஊர் போர் தண்ணீர் இல்லை. பொதுவாக இருப்பது இறுக்கிய கட்டு ஒன்றுதான்.

உங்கள் பேச்சில் பாதி சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீரில் குளித்துச் சிக்கு விழுந்த முடியைச் சீவ அதிக பலம் போடுவார்கள், அடங்காததால் இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். அந்த வகையில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி அலசினால் சிக்கு குறையும்.

தொண்டி: அப்ப தண்ணியும் ஒரு காரணம்னு ஒத்துக்கிட்டீங்க.

சிக்குக்குக் காரணம். நெற்றியோரத்துக்கு இல்லை. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு ஆச்சி, பேத்தி எழுதுகிறாள்: இறுக்கிப் பின்னினாத்தான் முடி நீளமா வளரும்னு எங்க காலத்துல சொல்வாங்க. எனக்கு இடுப்புக்குக் கீழே இருந்துச்சு.

ஆச்சி, பின்னல் போட்ட முடி காற்றில் அலையாது, சிக்காது, நுனி ஒடியாது. அதனால் நீளம் தங்கும், அது உண்மை. வேர் வேகமாக வளர்வது மட்டும் நடக்காது. அந்தப் பலனுக்கு நுனிப் பக்கம் இறுக்கினால் போதும். நெற்றியிலிருந்து முதல் இரண்டு மூன்று பின்னலைத் தளர்த்தி விடச் சொல்லுங்கள்.

மண்டபம்: என்ன எண்ணெய் நல்லது? விளக்கெண்ணெயா, தேங்காய் எண்ணெயா?

மேலே சொல்லிவிட்டேன்.

ராமேஸ்வரம்: வயசு 28. ரெண்டு பக்கமும் நெற்றி ஏறுது, உச்சியிலும் தெரியுது. ஹெல்மெட் இறுக்கத்தாலயா?

உச்சியும் சேர்ந்து போகிறதென்றால் இது ஆண்களுக்கு வம்சாவழியாக வரும் சொட்டை. ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள். தோல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

பாம்பன், பாசி எடுக்கப் போகும் ஒருவர், மகன் எழுதுகிறார்: அம்மாவுக்கு 52. கடலுக்குள்ள போறப்ப முடியை முடிஞ்சு துணியை நெற்றியோட இறுக்கிக் கட்டும், மேல கண்ணாடி வார். முன் நெற்றி நல்லா ஏறிப்போச்சு. துணியைத் தளர்த்தி ஒரு வருஷம் ஆகியும் வரல.

நான் இன்று அதிகம் கவலைப்படும் கேள்வி இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். துணியும் வாரும் ஒரே கோட்டில் அழுத்துகின்றன, ஈர முடி எளிதில் நீண்டு ஒடியும், ஆகவே இழுவை என்று முதலில் தோன்றும். ஆனால் இரண்டு விஷயம் பொருந்தவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் விளிம்பில் குட்டை முடி வரிசை இல்லை. நெற்றித் தோலைவிட வெளிறிய வழவழப்பான பட்டை, அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனி நீள முடிகள். இன்னொன்று, அம்மாவின் புருவ வால் பகுதி மெலிந்திருக்கிறது. புருவத்தை எந்தத் துணியும் இழுக்கவில்லையே.

மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கு நெற்றியோரம் மெல்ல மெல்லப் பின்வாங்கி, புருவமும் சேர்ந்து போகிற வேறொரு நோய் உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைச் சுற்றி அழற்சி உண்டாக்கித் தழும்பாக்கிவிடும். அதில் போன முடி திரும்புவது அரிது. இருக்கிற முடியைக் காப்பாற்ற மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். பழைய இழுவையும் தழும்பாகி இப்படி வழவழப்பாகலாம் என்பதால் படத்தை வைத்து நான் முடிவு சொல்லமாட்டேன். வேரைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் சின்னத் துண்டு தோலெடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த விளிம்பில் அரிப்போ எரிச்சலோ இருக்கிறதா, முடி வேரைச் சுற்றிச் சிவப்பு இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடும் வேலை இல்லை.

அதே மகன்: அம்மா கடலுக்குப் போறதை நிறுத்தணுமா?

வேண்டாம். முடிச்சைப் பிடரிக்குக் கீழே இறக்கி, துணியை நெற்றிக்கு அல்லாமல் முழுத் தலைக்கும் பரவலாகக் கட்டச் சொல்லுங்கள். கண்ணாடி வாருக்கு அடியில் துணி வரட்டும், வெறும் ரப்பர் முடியில் உரச வேண்டாம். எந்த நோயாக இருந்தாலும் இது நல்லது.

ஏர்வாடி: காதுக்கு மேலேர்ந்து பிடரி வரைக்கும் பட்டையா முடி போச்சு. சடை போடறதில்ல. புழுவெட்டா? சின்ன வெங்காயம் தேய்க்கலாமா?

காதுக்கு மேல் தொடங்கிப் பிடரியைச் சுற்றும் பட்டை, சடையும் இல்லை என்றால் புழுவெட்டின் ஒரு வகையாக இருக்கலாம். தோல் வழவழப்பாக, வீக்கமில்லாமல் இருக்கும். வெங்காயம் சிலருக்குத் தோலைப் புண்ணாக்குகிறது. மருத்துவரைப் பாருங்கள்.

கீழக்கரை: குழந்தை பிறந்து நாலு மாசம். நெற்றியோரத்துல கொத்துக் கொத்தா போகுது. சடையைத் தளர்த்திட்டேன். முடி வளரப் போடுற மினாக்ஸிடில் மருந்து போடலாமா? பால் கொடுக்கிறேன்.

உங்களுக்கு நெற்றியோரம் மட்டுமா என்று சீப்பைப் பாருங்கள். தலை முழுவதும் கொட்டி, பொட்டில் அது கண்ணுக்கு அதிகமாகத் தெரிகிறது என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் கொட்டல். இரண்டு நான்கு மாதத்தில் தொடங்கும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாகச் சரியாகும். அப்போது நெற்றியோரத்தில் முளைக்கும் குட்டை முடிகளைப் பார்த்து இழுவையின் அடையாளம் என்று பயப்படாதீர்கள். அவை நெற்றியோரம் முழுக்க முளைக்கும், பின்னால் வெற்றுப் பட்டை இருக்காது. பால் கொடுக்கும் காலத்தில் மினாக்ஸிடிலை நீங்களாகத் தொடங்க வேண்டாம், குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான். இரும்புச் சத்தும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். முடி தளர்வாகவே இருக்கட்டும்.