முத்துலட்சுமி ரெட்டி கட்டுரை: விமர்சனத்தை எங்கே வைப்பது?

"வகுப்பு இதழுக்கு முத்துலட்சுமி ரெட்டி பற்றி ஒரு பக்கம். கடைசியில் 'சில விமர்சனங்களும் உண்டு' என்று சேர்த்தேன், ஒட்டவே இல்லை."

கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு, விமர்சனத்தைத் தேவதாசி ஒழிப்பு மசோதா வரும் இடத்திலேயே வையுங்கள்.

ஒட்டாததற்குக் காரணம், விமர்சித்தது யார், எதை என்று இல்லாததுதான். இப்படி எழுதிப் பாருங்கள்: சட்டமன்ற உறுப்பினராக அவர் முயன்றதால் 1929-இல் வந்த திருத்தம், கோயில் பணிக்காகத் தேவதாசிகளுக்குத் தரப்பட்ட மானிய நிலத்தை அந்தப் பணிக் கடமையிலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே விட்டது. முழுத் தடைச் சட்டம் 1947-இல்தான் வந்தது. ஆனால் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகள் மசோதா வந்தபோதே அதை எதிர்த்தார்கள். தங்களைப் பாலியல் தொழிலாளர்களாகச் சித்திரிப்பதை அவர்கள் ஏற்கவில்லை. தாங்கள் கலைஞர்கள் என்றார்கள். முத்துலட்சுமியின் தாயும் அதே சமூகத்தவர் என்பதை இங்கேயே சொல்லுங்கள், கட்டுரைக்கு உயிர் வந்துவிடும்.

அப்புறம் ஒரு சோதனை. விமர்சன வரிகளை மறைத்துவிட்டுப் படியுங்கள். கட்டுரை குறையில்லாமல் ஓடினால், அவை இன்னும் சரியாக ஒட்டவில்லை.

ஒன்றில் மட்டும் கவனம்: எதிர்த்த பெண்களைப் பழமைவாதிகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாதீர்கள். முத்துலட்சுமி தொடங்கிய அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இரண்டுக்கும் தலா ஒரு வரி போதும்.