ஒரு ரூபாய் கொடுத்தோம், 1,499 ரூபாய் போனது எப்படி?

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறோம். பொண்ணு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறாள். ஒரு ஆப்பில் ‘ஏழு நாள் இலவசம், ஒரு ரூபாய் மட்டும்’ என்று இருந்ததால் என் ஏடிஎம் கார்டு நம்பரைப் போட்டாள். ஆகஸ்ட் 3 ராத்திரி சேர்ந்தாள், பிடிக்கவில்லை, 9-ம் தேதி ஆப்பை அழித்துவிட்டாள். 10-ம் தேதி 1,499 ரூபாய் போய்விட்டது. ஓடிபியே வரவில்லை. எப்படி எடுத்தார்கள்? பணம் திரும்ப வருமா?

பதில்: ஓடிபி வந்தது. 3-ம் தேதி ராத்திரி ஒரு ரூபாய்க்கு வந்ததே, அதுதான். அந்த ஒரே ஓடிபியில் இரண்டு காரியம் முடிந்துவிட்டது. ஒன்று, ஒரு ரூபாய் கட்டணம். இன்னொன்று, இனிமேல் இவர்கள் கேட்கும்போது இன்ன தொகை வரை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிக்குக் கொடுத்த அனுமதி. இதை இ-மேண்டேட் என்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப் பதிந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே எடுக்கலாம். ஆகவே இது கார்டு திருட்டு இல்லை. வங்கியில் போய் மோசடி என்று சண்டை போட்டாலும் நிற்காது.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே மஞ்சள் பட்டனில் ஒரு ரூபாய் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ‘மாதம் ₹125’. பட்டனுக்குக் கீழே, வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்தில் ஒரு வரி:

“₹1,499 billed annually after trial. Cancel at least 48 hours before trial ends. Non-refundable.”

வெயிலில் போனைப் பிடித்தால் அந்த வரி இருப்பதே தெரியாது. ஆனால் விலை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. மாதம் 125 என்பது 1,499-ஐப் பன்னிரண்டால் வகுத்துப் போட்ட கணக்கு. மாதாமாதம் எடுக்க மாட்டார்கள், வருடத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் எடுப்பார்கள். ‘billed annually’ என்ற இரண்டு வார்த்தை சொல்வது அதைத்தான்.

அடுத்த வாக்கியம் அதைவிட முக்கியம். சோதனைக் காலம் முடிவதற்கு 48 மணி நேரம் முன்பே ரத்து செய்ய வேண்டும் என்கிறது. 3-ம் தேதி இரவு ஒன்பதரைக்குச் சேர்ந்தால் ஏழு நாள் 10-ம் தேதி ஒன்பதரைக்கு முடிகிறது. அதிலிருந்து 48 மணி நேரம் கழித்தால் 8-ம் தேதி இரவு ஒன்பதரை. அதாவது ஏழு நாள் என்று சொன்னது உண்மையில் ஐந்து நாள். உங்கள் மகள் ஆப்பை அழித்த 9-ம் தேதி, கம்பெனி கணக்குப்படி கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது. தாண்டாமல் இருந்திருந்தாலும் பயனில்லை. ஆப்பை அழிப்பது போனில் இருந்து ஒரு படத்தை எடுப்பது போலத்தான், சந்தா கம்பெனியின் கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு செய்தியும் வந்திருக்க வேண்டும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால், யாருக்கு, எவ்வளவு, என்றைக்கு என்று வங்கி எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும், வேண்டாமென்றால் நிறுத்தவும் வழி தர வேண்டும். ஆகஸ்ட் 9-க்கான மெசேஜ்களைத் தேடிப் பாருங்கள். வங்கியில் பதிந்திருப்பது பழைய சிம் நம்பராக இருந்தால் அது எங்கோ போய்க் கிடக்கும். செய்தியே அனுப்பாமல் எடுத்திருந்தால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு நல்ல பிடி இருக்கிறது. 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியாகப் போகலாம்.

இந்த முன்னறிவிப்பை நம்பிச் சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது 24 மணி நேரம் முன்னால் வந்தாலும் போதும், ஆனால் கம்பெனி கேட்பது 48 மணி நேரம். செய்தி பார்த்து வங்கியில் நிறுத்தினால் பணம் போகாது, சரி. ஆனால் கம்பெனியில் உங்கள் சந்தா ரத்தாகாமல் நிற்கும். அதனால் முதலில் கம்பெனியில் ரத்து, பிறகு வங்கியில் மேண்டேட் ரத்து, இரண்டுமே வேண்டும்.

கார்டு நம்பர் போடும் முன் என்ன பார்ப்பது என்றால், நான் முதலில் பட்டனைப் பார்ப்பதில்லை. கீழே இருக்கும் ‘Terms’ என்ற இணைப்பைத் திறந்து ‘cancel’ என்று தேடுவேன். எத்தனை மணி நேரம் முன்பு, எந்த வழியில் என்ற இரண்டுதான் எனக்கு வேண்டும். ஆப்புக்குள்ளேயே ரத்து பட்டன் உண்டா, அல்லது மெயில் எழுதி பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமா? மெயில்தான் என்றால் நான் அங்கேயே திரும்பிவிடுவேன். ‘Cancel anytime’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். ரத்து எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் எடுத்த பணம் வராது என்றுதான் பல இடங்களில் அர்த்தம்.

அடுத்தது, ஓடிபி போடுவதற்கு முன் வரும் திரை. அங்கே மேண்டேட் விவரம் இருக்கும்: அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை. விளம்பரத்தில் ஒரு ரூபாய் என்று கூவுபவர்கள் இங்கே 1,499 என்றோ அதற்கு மேலோ காட்டியாக வேண்டியிருக்கிறது. உண்மையான விலைச்சீட்டு இதுதான். ஒரு ரூபாய்க்கு ஓடிபி கேட்கும் இடத்தில் ‘max amount’ என்று வேறு எண் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். யுபிஐ ஆட்டோபேயிலும் பின் போடும் முன் இதே விவரம் வரும்.

பணத்துக்கு வருவோம். இலவசச் சேவைக்குக் கார்டு விவரத்தையும் ஆட்டோ டெபிட் அனுமதியையும் கட்டாயப்படுத்துவது, ரத்து செய்யும் வழியை மறைப்பது, இவை 2023 நவம்பர் 30-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலில் ‘சந்தாப் பொறி’ என்று பெயரிட்டுத் தடை செய்யப்பட்டவை. ‘Non-refundable’ என்று எழுதியிருப்பது அந்த விதிக்கு மேலானதில்லை. கம்பெனிக்கு மெயில் எழுதுங்கள்: சேர்ந்த தேதி, அழித்த தேதி, அதன் பிறகு ஒருநாளும் பயன்படுத்தவில்லை, பணம் வேண்டும், இது சந்தாப் பொறி என்று நாலு வரி போதும், ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். பதில் இல்லையென்றால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பேசுவார்கள், உத்தரவு போட அதிகாரம் கிடையாது. ஆனாலும் முயற்சிக்கத் தகும், காசு செலவில்லை. அதுவும் நடக்காவிட்டால் தருமபுரியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் 1,499-க்காகப் பலமுறை பஸ் ஏறி வாய்தாவுக்கு அலைவது, அறுவடை நேரத்தில் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நிச்சயம் வரும் என்று என்னால் சொல்ல முடியாது.

பணம் வந்தாலும் வராவிட்டாலும் இன்றே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேண்டேட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அடுத்த ஆகஸ்டில் மறுபடி 1,499 எடுப்பார்கள். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய் ‘e-mandate’ அல்லது ‘Standing Instruction’ என்பதைத் தேடி ரத்து செய்யுங்கள். தெரியவில்லை என்றால் கிளையில் போய் எழுதிக் கொடுங்கள். ரத்தானதற்கு வரும் எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.